பேநவ் திரையில் வரும் பெயர்: புதிய சேலைக் கடைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

அண்ணி முதன்முதலாக விற்ற சேலை எதிர் வீட்டு அக்காவுக்கு. பருத்திச் சேலை, 79 வெள்ளி. அக்கா பேநவ் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தார், தொகையைத் தட்டினார். அடுத்த திரை வந்ததும் அவருடைய கட்டைவிரல் அப்படியே நின்றுவிட்டது. "இது யாரு பேரு?" என்று கேட்டார். கடைக்கென்று தனிக் கணக்கு இல்லாததால் அண்ணனின் கைப்பேசி எண்ணைக் கொடுத்திருந்தார்கள். திரையில் அண்ணனின் பெயர் வந்திருந்தது. அக்காவுக்கு அண்ணனைப் பத்து வருடமாகத் தெரியும் என்பதால் விஷயத்தைச் சொன்னதும் பணத்தை அனுப்பிவிட்டார். தெம்பனீசில் இருக்கும், முகம் தெரியாத ஒருவர் என்றால் அந்த இடத்திலேயே மூடிவிட்டுப் போயிருப்பார்.

அவர் போவது நியாயமும்கூட. மூன்று வருடங்களுக்கு முன் இன்ஸ்டகிராமில் ஒரு கடையில் மகளுக்குப் பட்டுப்பாவாடை வாங்கப் பணம் அனுப்பினேன். கடைக்கு ஒரு பெயர், பேநவ் திரையில் வேறொருவரின் பெயர். கவனித்தேன், இருந்தும் அனுப்பினேன். பாவாடை வரவே இல்லை. 65 வெள்ளி போனதைவிட, தீபாவளிக்கு முந்தைய நாள் மகளிடம் சொல்ல வேண்டியிருந்ததுதான் வலித்தது.

சிங்கப்பூரில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. அண்ணி செங்காங் வீட்டிலிருந்தே கடையை முறையாகத் தொடங்குவது என்று முடிவானதும், பெயர், சின்னம், 'எங்களைப் பற்றி' பக்கம், விதிமுறைகள் என்று நான்கையும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்தோம். ஒவ்வொன்றிலும் எங்கள் முன் இரண்டு மூன்று வழிகள் இருந்தன. எதைத் தேர்ந்தெடுத்தோம், எதை ஏன் விட்டோம் என்று இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அளவுகோல் ஒன்றுதான்: நம்மைத் தெரியாத ஒருவர், பணத்தை அனுப்பும் அந்த நொடியில் எதைப் பார்ப்பார்? அண்ணியின் பெயரை வாசுகி என்று மாற்றியிருக்கிறேன். அதற்கேற்ப கடையின் பெயரும் மாறுகிறது. மற்றவை நடந்தபடியே.

பெயர்

முதல் யோசனை அண்ணியின் தம்பியுடையது. 'விகே எண்டர்பிரைஸ்' என்று தொழில்களைப் பதியும் அக்ராவில் பதிந்துகொள்ளலாம், கடைக்கு மட்டும் அழகாக வேறு பெயர் வைக்கலாம் என்றார். நாளைக்குச் சேலையை விட்டுவிட்டு மசாலா விற்றாலும் பதிந்த பெயரை மாற்ற வேண்டாம் என்பது அவர் கணக்கு. வியாபாரி யோசனைதான், தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் கடையின் பேநவ், பதிந்ததும் கடைக்குக் கிடைக்கும் அடையாள எண்ணான யுஇஎன்னோடும் வங்கிக் கணக்கோடும் இணைந்தது. பணம் அனுப்புகிறவர் திரையில் வருவது அந்தக் கணக்கின் பெயர். இணையத்தில் ஒரு பெயரைப் பார்த்து வந்தவர், கடைசித் திரையில் 'விகே எண்டர்பிரைஸ்' என்று பார்த்தால், எதிர் வீட்டு அக்காவின் கட்டைவிரல் நின்ற அதே இடத்தில் நிற்பார். புதுக் கடைக்கு இந்தத் தடை கட்டாது. பழைய நிறுவனங்கள் பல இப்படித்தான் நடக்கின்றன, ஆனால் அவர்களைத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

ஆகவே பதிவில், வங்கிக் கணக்கில், இணைய முகவரியில், ரசீதில், இன்ஸ்டகிராமில் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் என்று முதலில் தீர்மானித்தோம். இப்படித் தீர்மானித்ததும் பெயர் தேடுவது கடினமாகிவிட்டது. ஐந்து இடத்திலும் கிடைக்கிற பெயராக இருக்க வேண்டுமே!

அண்ணிக்கு முதலில் பிடித்தது 'தாழை'. அழகான சொல். ஆனால் அதை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது? Thazhai, Thaazhai, Thalai என்று எங்கள் வீட்டு மேசையிலேயே மூன்று விதமாக எழுதினோம். தொலைபேசியில் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தபோது அவர் Thalai என்று தட்டி, 'தலை'யைத் தேடிக்கொண்டிருந்தார். நம் மொழியின் சிறப்பான ழகரம் பலகையில் அழகு, விசைப்பலகையில் சிக்கல். கேட்டவர் தட்டிப் பார்த்து வேறொரு கடைக்குப் போய்விட்டால் நட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். யாராவது அந்த இன்னொரு எழுத்துக்கூட்டலில் போலிப் பக்கம் தொடங்கினால் நம் வாடிக்கையாளர் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ழ, நெடில், இரட்டிக்கும் ஒற்று இவை வரும் பெயர்களை எடுக்கும்போது இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து 'முந்தி'. சேலைக் கடைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா என்று நானே வாதாடினேன். அண்ணியின் மலாய்த் தோழி காதில் விழுந்ததும் முகத்தைச் சுளித்தார். மலாயில் muntah என்றால் வாந்தி. 'பாவு' என்று ஒரு யோசனை வந்தது, தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். அதைக் கேட்டவர்கள் எல்லாரும் கோப்பிக் கடையில் ஆவி பறக்கும் பாவ் ரொட்டியைத்தான் நினைத்தார்கள். சிங்கப்பூரில் சேலை வாங்குவது தமிழர்கள் மட்டுமில்லை. பள்ளியில் இன நல்லிணக்க நாளுக்கும் நண்பர் வீட்டுத் திருமணத்துக்கும் சீனர்களும் மலாய்க்காரர்களும் வாங்குகிறார்கள். பெயரை முடிவு செய்யும் முன் ஒரு மலாய்க்காரரிடமும் ஒரு சீனரிடமும் உரக்கச் சொல்லிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

'சிங்கப்பூர் சாரி ஹப்' மாதிரியான பொதுப் பெயரின் பலம் வேறு. பார்த்த உடனே என்ன கடை என்று தெரியும், யாரும் தப்பாக எழுத மாட்டார்கள். ஆனால் அது யாருடைய கடை என்று தெரியாது. அதே சொற்களை முன்பின் மாற்றிப் போட்டால் இன்னொரு கடை முளைத்துவிடும். அதைத் தடுக்க வணிகச் சின்னமாகப் பதியலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்காது, பொருளை வருணிக்க மட்டுமே செய்கிற சொற்களை அப்படிப் பதிவது மிகக் கடினம்.

வணிகச் சின்னம் என்றதும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், பலர் இங்கேதான் இடறுகிறார்கள். அக்ராவில் பெயர் பதிந்துவிட்டால் அந்தப் பெயர் நமக்கே சொந்தம் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. அக்ரா பெரும்பாலும் பார்ப்பது அதே பெயர் ஏற்கெனவே பதிவில் இருக்கிறதா, தடைசெய்யப்பட்ட சொல் வருகிறதா என்பதைத்தான். கொஞ்சம் நெருங்கிய பெயராக இருந்தால் பதிவு கிடைத்துவிடும், பின்னால் பழைய கடைக்காரர் ஆட்சேபித்தால் மாற்றச் சொல்லலாம். வணிகச் சின்ன உரிமை அறிவுசார் சொத்து அலுவலகத்தில் தனியாக விண்ணப்பித்துப் பெறுவது, பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது. ஆகவே அக்ராவில் 15 வெள்ளி கட்டிப் பெயருக்கு விண்ணப்பிக்கும் முன்பே, அந்த அலுவலகத்தின் தேடல் பக்கத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். வணிகச் சின்னங்களைப் பொருள்வாரியாக வகுப்பு பிரித்துப் பதிகிறார்கள்: சேலைக்கு 25ஆம் வகுப்பு, துணிக்கு 24, சில்லறை விற்பனைக்கு 35. இந்த மூன்றிலும் தேடினால் போதும். தேடுவதற்குக் கட்டணம் இல்லை.

கடைசியில் நின்றது சொந்தப் பெயர். இங்கே ஒரு சலுகை உண்டு. அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரிலேயே தனி உரிமையாளராகத் தொழில் செய்தால் அக்ராவில் பதிய வேண்டியதில்லை. ஒரு சொல் சேர்த்தாலும் பதிய வேண்டும். அப்படிப் பதியாமல் நடத்தினால் செலவு மிச்சம், ஆனால் யுஇஎன் கிடையாது. யுஇஎன் இல்லையென்றால் கடையின் பெயரில் பேநவ் கிடையாது, குறுஞ்செய்தியில் கடைப் பெயர் கிடையாது. 2023 ஜனவரி 31 முதல், பதியாத பெயரிலிருந்து வரும் குறுஞ்செய்தி Likely-SCAM என்ற தலைப்பில்தான் நம் கைப்பேசியில் வந்து விழுகிறது. "உங்கள் சேலை இன்று வருகிறது" என்று நாம் அனுப்பும் நல்ல செய்தி, அந்தத் தலைப்பின் கீழ் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சொந்தப் பெயர் தரும் நம்பிக்கையும் வேண்டும், பதிவும் வேண்டும், மற்றவரிடமிருந்து வேறுபடவும் வேண்டும். 'வாசுகி சாரீஸ்' மிகச் சாதாரணம், அதே போல் நூறு கடை இருக்கலாம். அண்ணி 'வாசுகி தறி' என்றார். அங்கே முடிந்தது. Vasuki Thari, தட்டுவதில் குழப்பமில்லை. Thari, Tari என்ற ஒரே ஒரு ஐயம்தான், இணைய முகவரி இரண்டையும் வாங்கிவிட்டோம். மலாய்த் தோழிக்கு tari என்றால் நடனம், அவர் மகிழ்ந்தார். குறுஞ்செய்தி அனுப்புநர் பெயருக்கு 11 எழுத்துக்கு மேல் இடமில்லை. இடைவெளி இல்லாமல் VasukiThari சரியாக 11. இது தற்செயலாக அமைந்தது. நீங்கள் தேடும்போது முதலிலேயே எண்ணிக்கொள்ளுங்கள்.

இந்தப் பெயர் ஒரு கடமையையும் கொண்டுவந்தது. 'தறி' என்றால் வாங்குகிறவர் கைத்தறி என்று நினைப்பார். அண்ணி விற்பதில் காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கி உண்டு, விசைத்தறிச் சேலையும் உண்டு. ஆகவே ஒவ்வொரு சேலையின் கீழும் எது என்று எழுதியாக வேண்டும். அதை எழுத மனமில்லையென்றால் இந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று நான் சொன்னேன், அண்ணி ஒத்துக்கொண்டார்.

இணைய முகவரியில் .com, .sg, .com.sg மூன்றும் யோசித்தோம். .com யார் வேண்டுமானாலும் எந்த நாட்டிலிருந்தும் சில நிமிடத்தில் வாங்கலாம். .com.sg வாங்க அக்ரா போன்ற இடத்தில் பதிந்த அமைப்பாக இருக்க வேண்டும், சிங்பாஸ் மூலம் ஒருவர் தன்னை உறுதிப்படுத்தவும் வேண்டும். விலை கூடுதல்தான், ஆனால் கடையின் பின்னால் உள்ளூரில் ஓர் ஆள் இருக்கிறார் என்பதற்கு அது சாட்சி. அதை எடுத்தோம். தமிழ் எழுத்திலேயே '.சிங்கப்பூர்' என்று முடியும் முகவரிகளும் இருக்கின்றன. மனதுக்கு இதமாக இருந்தது. ஆனாலும் தமிழ் விசைப்பலகை இல்லாதவர் தட்ட முடியாது, மின்னஞ்சலிலும் எல்லா இடத்திலும் வேலை செய்யாது. அது பிறகு பார்க்கலாம் என்று வைத்தாயிற்று.

சின்னம்

இதில் நீண்ட நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. மயில், மாங்காய்க் கரை, பெயர் மட்டும் என்று மூன்று மாதிரிகள் வந்தன. மூன்றையும் வாட்ஸ்அப் முகப்புப் பட வட்டத்துக்குள் போட்டு, கைப்பேசியைக் கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தோம். மயிலின் தோகை பச்சைக் கறையாகத் தெரிந்தது. பெயர் மட்டும் இருந்ததில் 'தறி' என்ற சொல் தெளிவாக நின்றது. அதுவே சின்னம். மெர்லயன் போடலாமா என்று ஒருவர் கேட்டார். மெர்லயனை வணிகத்துக்குப் பயன்படுத்தச் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்திடம் அனுமதி வாங்க வேண்டும், சேலைக்கும் அதற்கும் தொடர்புமில்லை.

நான் கவலைப்பட்டது எழுத்தைப் பற்றி. சின்னம் வரைந்து கொடுத்தவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவர் அனுப்பிய முதல் பதாகையில் 'கொண்டாட்டம்' என்ற சொல் 'ெகாண்டாட்டம்' என்று வந்திருந்தது. கொம்பு எழுத்துக்கு முன்னால் தனியாகத் துருத்திக்கொண்டு, காலும் விலகி நின்றது. மாதிரிப் படத்தைப் பார்த்த நாங்களே முதல் தடவை கவனிக்கவில்லை. ஒரு தமிழ் வாசகர் இதைப் பார்த்த மாத்திரத்தில் "இது நம்ம ஆளு கடை இல்லை, எங்கிருந்தோ நடத்துறாங்க" என்று நினைப்பார். மோசடிப் பக்கங்களில் தமிழ் இப்படித்தான் உடைந்து கிடக்கும்.

கோளாறு எழுத்துருவில் இல்லை, மென்பொருளின் அமைப்பில். ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் இரண்டிலும் பத்தி அமைப்பில் World-Ready என்று வரும் தேர்வை எடுத்தால்தான் தமிழின் உயிர்மெய் சரியாகச் சேரும். அதன் பிறகு எழுத்துகளை உருவரைகளாக மாற்றித் தரச் சொல்லுங்கள், அப்போது அச்சகத்தின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் உடையாது. Catamaran, Noto Sans Tamil போன்றவை திறந்த உரிமத்தில் கிடைப்பவை, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். இன்னொன்று: பதிவு கிடைக்கும்வரை பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் குறியைப் போடாதீர்கள். பதியாத சின்னத்தைப் பதிந்ததாகக் காட்டுவது இங்கே குற்றம்.

எங்களைப் பற்றி

அண்ணி முதலில் எழுதியது, பாட்டியின் மரப்பெட்டியில் தொடங்கி மூன்று தலைமுறை பாரம்பரியம் என்று முடியும் பக்கம். நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் அதில் ஒரு வரியைக்கூட வெளியாள் சரிபார்க்க முடியாது. நான் எழுதிக் காட்டியது அதற்கு நேரெதிர்: யுஇஎன், முகவரி, தொலைபேசி, அவ்வளவுதான். அதைப் படித்த அண்ணன், "இது வங்கிப் படிவம் மாதிரி இருக்கு" என்றார். அதுவும் சரிதான்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டோம். கதை இருக்கட்டும், ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு தகவலும் யாராவது கேட்டால் காட்டக்கூடியதாக இருக்கட்டும். 'மூன்று தலைமுறை' போயிற்று, ஏனென்றால் பாட்டி சேலை கட்டினார், விற்கவில்லை. பொய்யான பழமையைச் சொல்லி விற்பது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நியாயமற்ற வணிகச் செயல் ஆகிவிடலாம். வந்தது இது: வாசுகி செங்காங்கில் வசிக்கிறார், இந்த வருடம் தொடங்கினார், ஆண்டுக்கு இரண்டு முறை காரைக்குடிக்கும் காஞ்சிபுரத்துக்கும் போய்த் தானே பார்த்து எடுக்கிறார், வந்த சேலைகளை வீட்டு மேசையில் விரித்துக் குறை பார்க்கிறார். பக்கத்தில் அந்த மேசையில் அண்ணி சேலை விரிக்கும் படம், முகம் தெரிய. வாங்கிய அலங்காரப் படம் ஒன்றும் வேண்டாம் என்றேன். இணையத்தில் படத்தைத் தேடிப் பார்க்க இப்போது எல்லாருக்கும் தெரியும், அதே பெண் பத்துக் கடையில் சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தால் மற்ற எதையும் நம்ப மாட்டார்கள்.

கதைக்குக் கீழே யுஇஎன். தனி உரிமையாளர் கடை என்றால் எட்டு இலக்கமும் ஓர் எழுத்தும். அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் அதைப் போட்டால் பெயரும் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதும் இலவசமாகத் தெரியும். அங்கே வரும் பெயரும் நம் தளத்தின் தலைப்பும் ஒன்றாக இருப்பதற்காகத்தான் ஆரம்பத்தில் அவ்வளவு பாடுபட்டோம்.

முகவரி விஷயத்தில் அண்ணி தயங்கினார், எனக்கும் புரிந்தது. வீட்டுக் கதவு எண்ணை இணையத்தில் போட எந்தப் பெண்ணுக்கும் யோசனையாக இருக்கும். மூன்று வழிகள். வீவக வீட்டு முகவரியையே அலுவலக முகவரியாகப் பதிவது: வீவகவின் வீட்டு அலுவலகத் திட்டத்தில் முதலில் ஒப்புதல் வாங்க வேண்டும், முகவரி பதிவேட்டில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கும். மாதக் கட்டணம் கட்டி முகவரிச் சேவை எடுப்பது: வீடு வெளியே தெரியாது, ஆனால் அந்த முகவரியைத் தேடினால் நூறு நிறுவனங்கள் அதே கதவில் இருப்பது தெரியும். பதிவு முகவரியைப் பதிவேட்டோடு விட்டுவிட்டு, தளத்தில் 'செங்காங்' என்று ஊரை மட்டும் போட்டு, எம்ஆர்டி நிலையத்தில் நேரில் பெற்றுக்கொள்ளலாம் என்று சொல்வது மூன்றாவது. அண்ணி மூன்றாவதை எடுத்தார். நேரில் வந்து தருகிறேன் என்று சொல்கிற கடைமேல் ஏற்படும் நம்பிக்கை, எழுதிய முகவரியால் வருவதைவிட அதிகம் என்பது என் கருத்து. அந்த இரண்டாவது வழியை நான் யாருக்கும் முதல் வருடத்தில் சொல்ல மாட்டேன்.

விதிமுறைகள்

முதல் வரைவை அண்ணி ஏதோ ஒரு மாதிரிப் படிவத்திலிருந்து எடுத்திருந்தார். பாதியில் 'கலிஃபோர்னியா மாநிலச் சட்டப்படி' என்று ஒரு வரி கிடந்தது. யாரும் விதிமுறையைப் படிப்பதில்லை என்பார்கள். பணம் அனுப்பும் முன் சந்தேகம் வந்தவர் படிப்பார், நமக்கு வேண்டியவர் அவர்தான்.

திருப்பி வாங்குவதில்தான் பெரிய விவாதம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று போட்டுவிடலாம் என்றார் அண்ணன், தேக்கா பக்கம் பல கடைகளில் அப்படித்தானே எழுதியிருக்கிறது என்றார். மனம் மாறியவருக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பொதுவாக இங்கே சட்டம் இல்லை, அது உண்மை. ஆனால் குறையுள்ள பொருளுக்கு அந்த வாசகம் செல்லாது. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, கொடுத்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது கொடுக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும், இல்லையென்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. சரிசெய்து தர வேண்டும் அல்லது மாற்றித் தர வேண்டும், முடியாவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் தரவோ வேண்டும். தராவிட்டால் 20,000 வெள்ளி வரையிலான வழக்கைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கு வாடிக்கையாளர் வழக்கறிஞர் இல்லாமலே கொண்டுபோகலாம். ஆகவே அந்தப் பலகை கடைக்காரருக்குத் தரும் பாதுகாப்பு அவர் நினைப்பதைவிடக் குறைவு.

மிச்சம் இருப்பது மனம் மாறியவரின் கேள்வி. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சேலை 79 வெள்ளி. வாங்கி இங்கே கொண்டுவந்து சேர்க்க 46. வீட்டுக்கு அனுப்ப 4. கையில் நிற்பது 29. நூறு சேலை விற்று ஒன்றும் திரும்பாவிட்டால் 2,900 வெள்ளி. நூற்றில் எட்டு திரும்பும் என்று வைத்துக்கொண்டோம், இது எங்கள் ஊகம்தான்.

முழுப் பணமும் திருப்பி, திரும்ப வரும் அஞ்சல் செலவையும் நாமே ஏற்றால்: 92 சேலையில் 2,668. திரும்பிய எட்டுக்குப் போக 4, வர 4, ஆக 64 வெள்ளி நட்டம். நிற்பது 2,604. 'திரும்பப் பெறப்படமாட்டாது' கடை நூறு விற்கும் இடத்தில் இந்தக் கடை 112 விற்றால்தான் அதே வருமானம்.

ஏழு நாளுக்குள் வேறு சேலையாக மாற்றித் தருவது, திருப்பி அனுப்பும் செலவு வாடிக்கையாளருடையது, புதிய சேலையை அனுப்பும் செலவு நம்முடையது என்றால்: எட்டு முறை 4 வெள்ளி, 32 குறையும். நிற்பது 2,868. நூறுக்கு 102 விற்றால் சரியாகிவிடும். 'மாற்றித் தருவோம்' என்ற ஒரு வரி, நூறு பேரில் தயங்கும் இரண்டு பேரையாவது வாங்க வைக்கும் என்று எங்களுக்குத் துணிச்சலாகச் சொல்ல முடிந்தது. பன்னிரண்டு பேரை வாங்க வைக்கும் என்று முதல் வருடத்தில் சொல்ல முடியவில்லை. அதனால் மாற்றித் தருவது. விலை 300 வெள்ளிக்கு மேலான பட்டுக்கு மட்டும் பணம் திருப்பும் வழியும் வைத்தோம், தெரியாத கடைக்கு அவ்வளவு தொகை அனுப்புவதில் தயக்கம் பல மடங்கு என்பதால்.

கணக்கில் வராத சண்டை ஒன்று உண்டு: நிறம். கைப்பேசித் திரையில் மாம்பழ மஞ்சள், பிரித்துப் பார்த்தால் குங்குமப்பூ நிறம். இதை 'நிறம் சற்று மாறலாம்' என்று எழுதித் தப்பிக்கலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். அண்ணி ஒவ்வொரு சேலையையும் சன்னல் வெளிச்சத்தில் ஒரு படம், விளக்கு வெளிச்சத்தில் ஒரு படம் என்று இரண்டாக எடுத்துப் போடுகிறார். அதன் பிறகும் நிறம் வேறாக இருந்தால் அது கடையின் தவறு, அஞ்சல் செலவும் கடையுடையது என்று எழுதியிருக்கிறார். மாற்ற முடியாததையும் அதே தெளிவோடு எழுதினோம்: ஃபால்ஸ் தைத்தது, பிளவுஸ் துணி வெட்டியது.

சொந்த விவரம் பற்றிய பகுதிக்குப் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். பெயர், முகவரி, எண் மூன்றும் சேலை அனுப்ப மட்டும், கேட்டால் அழித்துவிடுவோம், இந்த மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி சிறு கடையும் அதற்கு ஒரு பொறுப்பாளரைக் குறிப்பிட வேண்டும், அண்ணியே அவர். அடையாள அட்டை எண்ணைக் கேட்காதீர்கள், சேலை விற்க அது தேவையில்லை. ஆண்டு விற்றுமுதல் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டாத, ஜிஎஸ்டிக்குப் பதியாத கடை ரசீதில் அந்த வரியை வசூலிக்கவும் கூடாது. 'விலையோடு வரி சேரும்' என்ற வாசகத்தையும் மாதிரிப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டோம்.

சொந்த விவரப் பகுதி நீங்கலாக, தளத்தில் இப்போது இருக்கும் விதிமுறை, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பொருளில், இவ்வளவுதான்:

"கையில் இருக்கும் சேலை மூன்று வேலை நாளில் வந்து சேரும். 'முன்பதிவு' என்று போட்டிருப்பது தமிழ்நாட்டிலிருந்து வர வேண்டும், நான்கு வாரம் ஆகலாம். பிடிக்கவில்லை என்றால் ஏழு நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம், திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. விலை 300 வெள்ளிக்கு மேலான பட்டு என்றால் பணமாகவும் திரும்பப் பெறலாம். கிழிசல், கறை, நிற வேறுபாடு, தவறான சேலை என்றால் மாற்றித் தருவோம் அல்லது முழுப் பணத்தையும் தருவோம், எல்லாச் செலவும் எங்களுடையது. ஃபால்ஸ் தைத்த, பிளவுஸ் துணி வெட்டிய சேலையில் குறை இருந்தால் மட்டும் பேசலாம். பணம் அனுப்பும்போது திரையில் VASUKI THARI என்று வர வேண்டும். வேறு பெயர் வந்தால் அனுப்பாதீர்கள், எங்களை அழையுங்கள்."

கடைசி இரண்டு வாக்கியங்களை எழுதச் சொன்னது எதிர் வீட்டு அக்கா.